ரத்து செய்த தேதி என்ன?

(சாத்தான்குளத்தில் பொதுமக்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வங்கிக் கவுன்டரில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி மறக்கவே மறக்காது. பாஸ்புக்கைக் கண்ணாடி வழியாக நீட்டி, ஒரு வரியில் விரலை வைத்து, “ஏ ஐயா, நான் எடுக்காத ரூவாய ஆரு எடுத்தா?” என்று ஆச்சிமார் கேட்பார்கள். திருடன் எடுத்திருந்தால் பதில் சொல்வது எளிது. போலீஸுக்குப் போங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் பெரும்பாலும் திருடன் எடுத்திருக்க மாட்டான். அந்தக் கணக்கிலிருந்து மாதாமாதமோ வருஷாவருஷமோ எடுத்துக்கொள்ளலாம் என்று யாருக்கோ ஒரு அனுமதி கொடுக்கப்பட்டிருக்கும். வங்கி வட்டாரத்தில் அதை மேண்டேட் என்போம். போனில் ஆட்டோபே என்று வரும். தானாகப் பணம் போவது எல்லாவற்றுக்கும் அடியில் இந்த அனுமதிதான் இருக்கிறது.

பால்காரரிடம் தினம் அரை லிட்டர் ஊற்றச் சொல்லிவிட்டு நாம் ஊருக்குப் போய்விட்டால், திரும்பி வரும்வரை அவர் ஊற்றிக்கொண்டுதான் இருப்பார். வேண்டாம் என்று அவரிடம் சொன்னால்தான் நிற்கும். பாத்திரத்தை உள்ளே எடுத்து வைத்துவிட்டால் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள்தான் போனில் செயலியை அழித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள். செயலியை அழித்தால் திரையில் படம் போகும், அனுமதி போகாது. ஏடிஎம் கார்டை பிளாக் செய்தாலும் யுபிஐ ஆட்டோபே நிற்காது, கணக்கு எண்ணில் கொடுத்த அனுமதியும் நிற்காது. அவை கார்டில் இல்லை.

இதில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, இனிமேல் போகாமல் நிறுத்துவது. இரண்டு, போனதைத் திரும்ப வாங்குவது. பலரும் இரண்டாவதை முதலில் செய்யப் பார்க்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு மாதம் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் அடுத்த மாதத் தவணையும் போய்விடும். முதலில் நிறுத்துங்கள். நிறுத்திய தேதியைக் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் போன பணத்தை ஒருவரிடம் கேட்க வேண்டும், பின்னால் போன பணத்தை வேறொருவரிடம் கேட்க வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதன் விளக்கம்.

ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி. அம்மாவின் போன், அம்மாவின் கணக்கு. குட்டிக் குட்டிப் படமாக நாடகம் காட்டும் ஒரு செயலி. “மூன்று நாளைக்கு வெறும் 2 ரூபாய்” என்று விளம்பரம். ஜூன் 2ஆம் தேதி 2 ரூபாய் கட்ட அம்மாவிடம் பின் நம்பர் கேட்டுப் போடுகிறாள். ஜூன் 5ஆம் தேதி 199 ரூபாய் போகிறது. அதற்குள் அந்த நாடகம் அலுத்துச் செயலியை அழித்தாயிற்று. அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி 199. நவம்பர் 12ஆம் தேதி அம்மா பாஸ்புக் பதிந்து பார்க்கும்போது ஆறு தடவை போயிருக்கிறது. ஆகமொத்தம் 1,194 ரூபாய்.

அன்றைக்கு அந்த அம்மா போட்ட பின், 2 ரூபாய்க்கு மட்டும் போட்ட பின் அல்ல. அந்தத் திரையில் இன்னும் சில வரிகள் இருந்தன. எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை எடுக்கலாம், அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம், எந்த வருஷம்வரை எடுக்கலாம். 199 ரூபாய்ச் சேவைக்கு உச்சவரம்பு ஆயிரம் என்று போட்டிருப்பார்கள். முடிவுத் தேதி இருபது முப்பது வருஷத்துக்கு அப்பால் இருக்கும். பெரிய எழுத்தில் தெரிவது 2 ரூபாய்தான். நாம் கையெழுத்துப் போட்டதோ கீழே இருந்த சின்ன எழுத்துக்கு.

ரிசர்வ் வங்கி இதை அறியாமல் இல்லை. கார்டு வழியாகத் தொடர்ந்து பணம் எடுப்பதற்கான விதிகளை 2019 ஆகஸ்டில் வகுத்து, அடுத்த வருஷம் யுபிஐக்கும் அதை நீட்டினார்கள். 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. அந்த விதிகளில் நமக்கு வேண்டியவை மூன்று. ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் நமக்குத் தகவல் வர வேண்டும்: யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எப்போது என்று. அந்த ஒரு தவணையையோ மொத்த அனுமதியையோ வேண்டாம் என்று மறுக்க நமக்கு வழி இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் அனுமதியை வாபஸ் வாங்கலாம். வாங்கியபின் அந்த அனுமதியின் பேரில் ஒரு தவணைகூட எடுக்கக் கூடாது.

அம்மாவுக்கும் அந்தத் தகவல் வந்திருக்கும். ஆங்கிலத்தில், கடன் வேண்டுமா என்று கேட்கும் நூறு செய்திகளுக்கு நடுவில். 15,000 ரூபாய் வரைக்குமான தவணைக்கு மறுபடி பின் கேட்கவும் மாட்டார்கள். ஆகவே சட்டப்படி எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. பணம் மட்டும் போய்விட்டது.

இப்போது நிறுத்துவோம். எந்த யுபிஐ செயலியில் அனுமதி கொடுத்தோமோ அதைத் திறந்து, நம் படம் இருக்கும் மூலையைத் தொட்டால் உள்ளே Autopay அல்லது Mandates என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் போனால் உயிரோடு இருக்கும் அனுமதிகள் வரிசையாக நிற்கும். போனில் இரண்டு மூன்று யுபிஐ செயலிகள் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் Pause, Cancel என்று இரண்டு வழி இருக்கும். Pause வேண்டாம். அது தற்காலிகமாக நிறுத்திவைப்பது. Cancel அல்லது Revoke என்பதைத் தொடுங்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் தயங்குகிறார்கள். ரத்து செய்யவும் பின் கேட்கும். “பின் போட்டா காசு போயிரும்லா?” என்று பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். பயப்பட வேண்டாம். வாபஸ் வாங்குபவர் கணக்குக்காரர்தானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்களாகச் செயலியைத் திறந்து, நீங்களாக ரத்து என்பதைத் தொட்டு, அங்கே கேட்டால் பின் போடலாம். “பணத்தைத் திருப்பித் தருகிறோம், பின் போடுங்கள்” என்று போனில் யாராவது சொன்னால் அவன் திருடன். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. கூகுளில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்களில் பாதிக்கு மேல் ஆபத்து என்றே நான் எடுத்துக்கொள்வேன். செயலிக்குள்ளோ வங்கியின் பாஸ்புக்கிலோ அச்சாகியிருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசுங்கள்.

ரத்து ஆனதும் அந்த வரிக்குப் பக்கத்தில் Revoked அல்லது Cancelled என்று மாறும். அந்தத் திரையை, தேதி தெரியும்படி, படம் பிடித்து வையுங்கள். அனுமதிக்கென்று ஒரு நீளமான எண் இருக்கும். அதுவும் படத்தில் விழ வேண்டும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். நம் கதையில் ரத்துத் தேதி நவம்பர் 12. முன்னால், பின்னால் என்று நான் பிரித்தது இந்தத் தேதியை வைத்துத்தான்.

ஒரு சின்ன விலக்கு உண்டு. முன்தகவல் ஏற்கெனவே வந்துவிட்ட தவணை, நீங்கள் ரத்து செய்தாலும் வழியில் இருப்பதாகக் கருதி எடுக்கப்படலாம். விதி அதை அனுமதிக்கிறது. 5ஆம் தேதி போக வேண்டிய பணத்தை 4ஆம் தேதி இரவு நிறுத்தப் பார்த்தால் முடியாமல் போகலாம். இரண்டு மூன்று நாள் முன்னாலேயே செய்துவிடுவது நல்லது.

ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் வழியாகச் சந்தா கட்டியிருந்தால் அனுமதி அங்கே பதிவாகியிருக்கும். பிளே ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு, பணம் மற்றும் சந்தாக்கள் என்ற பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். பணம் போய் 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே நேரடியாகத் திருப்பிக் கேட்கலாம். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் செயலி நடத்துபவரைப் பாருங்கள் என்று கை காட்டுவார்கள்.

இனி அந்த 1,194 ரூபாய். இது ரத்துத் தேதிக்கு முன்னால் போனது. வங்கிக்குப் போனால், “நீங்கள்தானே பின் போட்டீர்கள்” என்பார்கள். அவர்கள் சொல்வது சரிதான், அங்கே சண்டை போட்டுப் பயனில்லை. இதைக் கேட்க வேண்டியது அந்தச் செயலி நிறுவனத்திடம். எப்படிக் கேட்பது?

இணைய வணிகத்துக்கான நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2020 ஜூலையில் வந்தன. அதன்படி ஒவ்வொரு இணைய வணிக நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். புகார் வந்து 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். செயலியின் நிபந்தனைகள் பக்கத்தில் கடைசிக்குப் போனால் அந்த அலுவலரின் மின்னஞ்சல் கிடைக்கும். அவருக்கு எழுதுங்கள். திட்டி எழுத வேண்டாம். எந்தத் தேதிகளில் எவ்வளவு போனது, ஒவ்வொன்றுக்கும் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண், செயலியைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள், எப்போது ரத்து செய்தீர்கள். இவ்வளவு போதும். “ஜூன் 5க்குப் பிறகு இந்தக் கணக்கில் ஒரு படம்கூட பார்க்கப்படவில்லை, உங்கள் பதிவிலேயே பார்த்துக்கொள்ளலாம்” என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சி அவர்கள் கணினியிலேயே இருக்கிறது. அதை மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம்.

அதோடு இன்னொரு ஆயுதமும் உண்டு. 2023 நவம்பர் 30ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாடிக்கையாளரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதின்மூன்று வகை ஏமாற்றுகளைப் பட்டியலிட்டதில் சந்தாப் பொறி ஒன்று. ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பது, அதைச் சுற்றிச் சுற்றி அலையவிடுவது, இலவசச் சந்தாவுக்குக்கூட ஆட்டோபே அனுமதியைக் கட்டாயமாக்குவது எல்லாம் அதில் அடங்கும். இலவசம் என்று சொல்லாமல் 1 ரூபாய், 2 ரூபாய் என்று வைப்பதில் இந்த வரியைத் தாண்டிப்போகும் சாமர்த்தியமும் இருக்கிறதோ என்பது என் சந்தேகம். சந்தேகம் மட்டும்தான். ஆனால் ரத்து வழியை ஒளித்திருந்தால் அந்தச் சாமர்த்தியம் உதவாது. செயலிக்குள் எங்கே தேடியும் ரத்து வழி இல்லை என்றால் அந்தத் திரைகளையும் படம் பிடித்து இணையுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். கட்டணம் கிடையாது. அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். 1,194 ரூபாய்க்கு வழக்குச் செலவு செய்ய எந்த நிறுவனமும் விரும்பாது என்பதால், பல விஷயம் இந்தப் படியிலேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. நிறுவனம் பெங்களூரில் இருக்கட்டும், மும்பையில் இருக்கட்டும், நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பேச்சும் உறவும் திருநெல்வேலியோடு என்றாலும் சாத்தான்குளம் தூத்துக்குடி மாவட்டம். ஆகவே நாம் போக வேண்டியது தூத்துக்குடி ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பணம் போன இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அதுதான் கெடு.

எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அந்த முதல் 199 ரூபாய் கிடைப்பது சந்தேகம். திரையில் எழுதியிருந்தது, முதல் மூன்று நாள் பார்க்கவும் செய்தார்கள். அதன்பிறகு பயன்படுத்தாமலே போன ஐந்து மாதத்துக்கான 995 ரூபாயைத்தான் அழுத்திக் கேட்க வேண்டும். கேட்பதை நியாயமாகக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

கதையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நவம்பர் 12ஆம் தேதி ரத்து செய்தபிறகும் டிசம்பர் 5ஆம் தேதி மறுபடி 199 போய்விட்டது என்று வையுங்கள். இப்போது நிலைமை தலைகீழ். அனுமதி இல்லாமல் எடுத்த பணம் இது. செயலியோடு மல்லுக்கட்ட வேண்டாம், நேரே வங்கிக்கு வாருங்கள். அனுமதியில்லாத மின்னணுப் பரிவர்த்தனைகள் பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி விட்ட சுற்றறிக்கை, இப்படி மாதாமாதம் எடுக்கும் பணத்துக்கும் பொருந்தும். தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை, நடுவில் எங்கோ என்றால்கூட, தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நம் பொறுப்பு பூஜ்யம். சொன்ன பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளரின் தவறு என்று நிரூபிக்கும் பாரம் வங்கியின் தலையில். மூன்று நாள் என்பதை மறக்காதீர்கள். பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உரிமை தேய்ந்துபோகும்.

வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் வங்கியின் மின்னஞ்சலுக்கு அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் மனு, வழிகேட்க 14448. கட்டணம் இல்லை. ஆனால் வங்கிக்கு முதலில் எழுதாமல் அங்கே போனால் மனுவைத் திருப்பிவிடுவார்கள்.

கூட்டத்தில் செல்போன் சந்தா இல்லாதவர்கள், இது நமக்கில்லை என்று நினைத்திருப்பீர்கள். உங்களுக்கான விஷயம் இனிமேல்தான்.

பாஸ்புக்கில் ACH அல்லது NACH என்று ஆரம்பிக்கும் வரிகளைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்கடன், குழுக்கடன், டிவி வாங்கிய தவணை எல்லாம் இந்த வழியில்தான் போகும். கடன் வாங்கும்போது ஒரு நீளமான தாளில் கையெழுத்து வாங்கினார்களே, அதுதான் அனுமதி. பிரச்சினை கடன் ஓடும்போது அல்ல, முடிந்தபிறகு. கடன் அடைந்துவிட்டது, தாள் உயிரோடு இருக்கிறது. நிறுவனத்தின் கணினி மறுபடி ஒரு தவணை கேட்டு அனுப்பும். கணக்கில் பணம் இருந்தால் போய்விடும். இல்லை என்றால் திரும்பிப் போகும். திரும்பியதற்காக வங்கி அபராதம் எடுக்கும், அதற்கு ஜிஎஸ்டி வேறு. கட்ட வேண்டிய கடனே இல்லை, அபராதம் மட்டும் வந்துகொண்டிருக்கும். பாஸ்புக்கில் RTN CHG மாதிரியான எழுத்து தெரிந்தால் இது நடக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

இதை நிறுத்த, கணக்கு இருக்கும் கிளைக்கே போய் எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதிக்கு UMRN என்று ஓர் எண் உண்டு. தெரியாவிட்டால், “என் கணக்கில் உள்ள எல்லா மேண்டேட்டுகளின் பட்டியலையும் கொடுங்கள்” என்று கேளுங்கள். சில கிளைகளில் “கடன் கொடுத்த கம்பெனியிடம் போய்ச் சொல்லுங்கள்” என்று அனுப்பிவிடுவார்கள். அது சரியல்ல. கொடுத்த செக்குக்குப் பணம் கொடுக்காதே என்று எழுதிக் கொடுக்க கம்பெனியின் சம்மதம் வேண்டுமா? இதுவும் அதுபோலத்தான். எழுதிக் கொடுத்தபிறகும் பணம் எடுக்கப்பட்டால், 2019 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது: பொறுப்பு வாடிக்கையாளரின் வங்கியுடையது. மறுநாளுக்குள் சரிசெய்ய வேண்டும்; தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இந்த வரியை அறிந்து கேட்பவர்கள் குறைவு என்பதால் கொடுப்பவர்களும் குறைவு.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஓடிக்கொண்டிருக்கும் கடனுக்கு இதைச் செய்யாதீர்கள். உள்ளபடியே கட்ட வேண்டிய கடனுக்கு மின்னணுத் தவணை பணமில்லாமல் திரும்பினால், 2007ஆம் வருஷப் பணப் பட்டுவாடாச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி செக் திரும்பிய வழக்கு மாதிரியே கிரிமினல் வழக்குப் போடலாம். இரண்டு வருஷம்வரை சிறையோ, தொகையைப் போல இரு மடங்குவரை அபராதமோ வரலாம். கஷ்டம் என்றால் கடன் கொடுத்தவரிடம் பேசித் தவணையை மாற்றுங்கள். அனுமதியை வெட்டுவது கடனை வெட்டுவதாகாது.

கடைசியாக, நூறு நாள் வேலைச் சம்பளம் வரும் கணக்குகளில் மே மாதக் கடைசியில் தெரியும் இரண்டு வரிகள். PMSBY என்று 20 ரூபாய், PMJJBY என்று 436 ரூபாய். 2015 மே மாதம் தொடங்கிய இரண்டு மத்திய அரசுக் காப்பீடுகள் இவை. முதலாவது விபத்துக்கு, இரண்டாவது எந்தக் காரணத்தால் இறந்தாலும். இரண்டிலும் 2 லட்சம் ரூபாய். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருஷம். மே கடைசி வாரத்தில் தானாக எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை சேர்ந்தால் வருஷாவருஷம் தொடரும்.

கோபத்தில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இது தேரிக்காட்டு ஊர். பனை ஏறுகிற வீட்டில் அந்த 20 ரூபாயை நிறுத்துவது புத்திசாலித்தனம் இல்லை. பனையிலிருந்து விழுந்து இறந்தாலோ, இரண்டு கால் போனாலோ 2 லட்சம் வரும். ஒரு கால் போனால் 1 லட்சம். நிறுத்த வேண்டியதை மட்டும் நிறுத்துங்கள். இரண்டு வங்கியில் கணக்கு வைத்து இரண்டிலும் 456 ரூபாய் போகிறதா? ஒருவருக்கு ஒரு காப்பீட்டுத் தொகைதான் கிடைக்கும். இரண்டாவது பிரீமியம் வீண். விதியே அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஒன்றை ரத்து செய்துவிடுங்கள்.

அடுத்து வயதைப் பாருங்கள். 436 ரூபாய்க் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டும், 55 வயதோடு முடிந்துவிடும். 20 ரூபாய்க் காப்பீடு 70 வயதுவரை. அறுபது வயது ஆச்சியின் கணக்கில் 436 போயிருந்தால் அந்தப் பணத்துக்குப் பாதுகாப்பே கிடையாது. அதை உறுதியாகத் திருப்பிக் கேட்கலாம். வயதுக்குள் இருந்தும், தான் சேரவே இல்லை என்பவர்கள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நான் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தின் நகல் கொடுங்கள்.” படிவம் இருந்தால் அந்த வருஷத்துப் பணத்தை விட்டுவிட்டு இனிமேல் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். படிவம் இல்லை என்றால் எத்தனை வருஷம் எடுத்தார்களோ அத்தனைக்கும் திருப்பிக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் 30 நாள் கழித்து நான் சொன்ன குறைதீர்ப்பாளர்.

வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் கடிதம் மே 25க்கு முன்னால் கிளையில் சேர வேண்டும். ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள். வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். கணக்கு எண், எந்தக் காப்பீடு, இந்த வருஷம் முதல் பிடிக்க வேண்டாம் என்ற ஒரு வரி, தேதி, கையெழுத்து. எழுதத் தெரியாத பெரியவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். இங்கே வாசலில் நிற்கும் தம்பிகளே, இந்த வாரம் உங்கள் வீட்டு அம்மா, ஆச்சி பாஸ்புக்கைப் பதிந்து வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுங்கள். புரியாத வரி இருந்தால் கிளையில் போய்க் கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் வேலை.